பூந்தொட்டியில் புண்ணாக்கு: குடியிருப்பையே மூக்கைப் பொத்த வைக்கும் செய்முறை

முதலில் 5 கிலோ கடலைப் புண்ணாக்கு வாங்குங்கள். பால்கனியில் இருப்பது பத்துத் தொட்டிகள்தானே என்று வீட்டில் யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். மாட்டுத்தீவனக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். மரச்செக்கில் ஆட்டியது கிடைத்தால் இன்னும் விசேஷம். அதில் எண்ணெய் நிறைய மிச்சமிருக்கும். ஊறியதும் மேலே ஏடாக மிதந்து காறல் வாடை கொடுக்கும். மண்ணில் ஊற்றினால் பிசுக்காகப் படிந்து அடுத்த முறை விடும் தண்ணீரை உள்ளே இறங்கவிடாது. கூடவே 20 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்று, மூடி இறுகப் பொருந்துவதாகப் பார்த்து வாங்குங்கள். கீழ் வீட்டுக்காரர்கள் துணி காயப்போடும் கொடி உங்கள் பால்கனிக்கு நேர் கீழே இருந்துவிட்டால் ஏற்பாடு பூர்த்தி.

இந்த இடத்தில் எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரிடமும் பத்துத் தொட்டிகள் உண்டு. ரோஜா, மல்லி, ஒரு கறிவேப்பிலை, இரண்டு மிளகாய். அவர் எடுப்பது 25 கிராம் புண்ணாக்கு. ஒரு கைப்பிடிகூட இல்லை. அதைப் பொடித்து ஒரு பழைய ஊறுகாய் ஜாடியில் கால் லிட்டர் தண்ணீரில் ஊறப்போடுகிறார். அவர் வீட்டில் புண்ணாக்கு ஊறுகிறது என்பது பக்கத்து வீட்டுக்கே தெரியாது. ஊருக்குத் தெரியாமல் செய்யும் விவசாயத்தில் என்ன பெருமை இருக்கிறது என்று புரியவில்லை. நீங்கள் அவரைப் பின்பற்ற வேண்டாம். ஆனால் எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்ள அவர் செய்வதையும் நடுநடுவே சொல்லிவருகிறேன்.

புண்ணாக்கு முழுவதையும் டிரம்மில் கொட்டி, கழுத்து வரை தண்ணீர் ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, நல்ல வெயிலில் வையுங்கள். திறந்து பார்ப்பதோ கலக்கிவிடுவதோ கூடாது. கடலைப் புண்ணாக்கில் ஏறக்குறைய பாதி புரதம். தண்ணீரில் இருக்கும் காற்றை நுண்ணுயிர்கள் முதல் நாளிலேயே தீர்த்துவிடும். அதன்பிறகு காற்றில்லாமல் வாழும் கூட்டம் வேலையை எடுத்துக்கொள்ளும். அது புரதத்தை உடைக்கும்போது அம்மோனியா வரும். புரதத்தில் உள்ள கந்தகம் அழுகிய முட்டை நாற்றமாக வரும். மற்ற துண்டு துணுக்குகள் மாட்டுத் தொழுவத்தையும் செத்த எலியையும் சேர்த்து நினைவுபடுத்தும். வாயு சேரச் சேர மூடி உப்பும். நான்காம் நாள் அதைத் திறக்கும்போது சட்டையை மாற்றிக்கொள்ளத் தயாராக இருங்கள்.

நான்கு நாளோடு நிறுத்தாதீர்கள். எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனை சத்து என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதைக் காப்பாற்றுங்கள், பத்து, பதினைந்து நாள் விடுங்கள். மூடியைத் திறந்ததும் கண் எரியும் நெடி வந்தால் சத்து ஏறிவிட்டது என்று சந்தோஷப்படலாம். அந்த நெடி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றில் கிளம்பிப் போவதுதான். ஆனால் அதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

மாமி செய்வது வேறு. ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விடுகிறார், ஏனென்றால் நுரை பொங்கும். மூடி போடுவதில்லை, பழைய வேட்டித் துணியை வாயில் போட்டு நூலால் கட்டுகிறார். காற்று போய் வருகிறது, ஈயும் கொசுவும் உள்ளே போவதில்லை. (கியூலெக்ஸ் கொசுவுக்கு இப்படி அழுகும் தண்ணீர்தான் முட்டையிடப் பிடித்த இடம் என்பதால் இது சின்ன விஷயமில்லை.) காலையும் மாலையும் குச்சியால் ஒரு கலக்கு. முதல் நாளே புளியங்கொட்டை அளவு வெல்லமும் ஒரு ஸ்பூன் புளித்த மோரும் சேர்த்துவிடுகிறார். முழு சூட்சுமமும் அதில்தான் இருக்கிறது. மோரில் இருக்கும் புளிப்பு நுண்ணுயிர்கள் வெல்லத்தைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். அமிலம் ஏறிய தண்ணீரில் அழுகவைக்கும் கூட்டம் தலையெடுக்கச் சிரமப்படும். உண்டாகும் அம்மோனியாவும் வாயுவாகப் பறக்காமல் கரைசலிலேயே தங்கும். நாற்றமும் குறைகிறது, சத்தும் நிற்கிறது. சென்னை வெயிலில் இரண்டு, மூன்று நாள் போதும். மார்கழியில் இன்னும் ஒன்றிரண்டு நாள். கட்டிகள் எல்லாம் உடைந்து, நுரை அடங்கி, புளித்த இட்லி மாவு வாடை வந்தால் எடுத்துவிடுகிறார். வாடை புளிப்பிலிருந்து அழுகலுக்குத் திரும்பிவிட்டால் அதைத் தொட்டிக்கே கொண்டுபோவதில்லை. உலர்ந்த இலைக் குப்பையும் மண்ணும் கலந்து மக்கப்போடுகிறார்.

சரி, உங்கள் டிரம்முக்கு வருவோம். கரைசல் தயார். இப்போது எவ்வளவு தண்ணீர் கலப்பது என்று ஒரு கேள்வி எழும். எழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழுந்துவிட்டால், "ஒன்றுக்குப் பத்து" என்று எங்கேயோ கேட்டதைச் சொல்லிச் சமாளிக்கலாம். எதில் ஒன்று என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். டிரம்மில் ஊறிய குழம்பா, மேலே நிற்கும் தெளிவா, ஒரு லிட்டருக்கு 100 கிராம் போட்டு ஊறவைத்ததா, உங்களைப் போல 250 கிராம் போட்டதா? ஒவ்வொன்றுக்கும் கணக்கு வேறு.

மாமியின் கணக்கு இது. அவர் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர், அதனால் சும்மா இருக்க மாட்டார். தோல் நீக்கிய கடலையின் புண்ணாக்கில் தழைச்சத்து நூற்றுக்கு 7 பங்கு. 100 கிராம் புண்ணாக்கை ஒரு லிட்டரில் ஊறவைத்தால் அந்த லிட்டரில் இருப்பது 7 கிராம் தழைச்சத்து. மூன்று நாளில் எல்லாமே கரைந்துவிடாது, கணிசமான பங்கு கசடிலேயே நிற்கும். பாதி இறங்கியது என்று வைத்துக்கொண்டால் தெளிவில் லிட்டருக்கு மூன்றரை கிராம். தொட்டிச் செடிக்குத் தண்ணீரோடு கொடுக்கும் உரத்தில் லிட்டருக்கு 100 முதல் 200 மில்லிகிராம் தழைச்சத்து இருந்தால் போதும் என்பது நர்சரிக்காரர்களின் பொதுவான அளவு. மூன்றரை கிராமை அந்த அளவுக்குக் கொண்டுவர ஒன்றுக்கு இருபது பங்கு தண்ணீர் வேண்டும். ஒன்றுக்குப் பத்து என்றால் அதைவிட இரண்டு மடங்கு காரம். நன்றாக வேர் பிடித்த ரோஜா அதையும் தாங்கிக்கொள்ளும், நாற்றும் புதிதாக நட்ட கிளையும் தாங்காது. அதனால் அவர் கால் லிட்டர் தெளிவை 5 லிட்டர் தண்ணீரில் கலந்து பத்துத் தொட்டிக்கும் அரை அரை லிட்டர் விடுகிறார். 25 கிராம் புண்ணாக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். மழையில்லாத நாட்களில் பதினைந்து நாளைக்கு ஒருமுறை. தொட்டி மாற்றிய செடிக்குப் புதுத் தளிர் வரும்வரை ஒன்றும் இல்லை.

நீங்கள் இந்தக் கணக்கெல்லாம் போட வேண்டியதில்லை. இயற்கை உரம், எவ்வளவு ஊற்றினாலும் ஒன்றும் ஆகாது என்று உரக்கச் சொல்லுங்கள். பிறகு 12 அங்குல ரோஜாத் தொட்டிக்குத் தண்ணீர் கலக்காத குழம்பு ஒரு லிட்டர் ஊற்றுங்கள். லிட்டருக்கு 100 கிராம் என்றே வைத்தாலும் அதில் இருக்கும் 7 கிராம் தழைச்சத்து, 15 கிராம் யூரியாவில் இருப்பதற்குச் சமம். மூன்று டீஸ்பூன் யூரியாவை ஒரு ரோஜாத் தொட்டியில் போடச் சொன்னால் பதறிப்போவீர்கள். புண்ணாக்கிலிருந்து அது ஒரே நாளில் வெளிவராது என்பது உண்மைதான், கொஞ்சம் கொஞ்சமாக வரும். ஆனால் தொட்டியில் வேருக்கு ஓட இடமில்லை. வயலில் அதிகமானது கீழ் மண்ணுக்கு இறங்கிப் போகும். தொட்டியில் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வயல் என்றதும் ஜீவாமிர்தம் நினைவுக்கு வருகிறது. சுபாஷ் பாலேக்கர் சொன்ன அளவில், 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு பிடி மண் சேர்த்துக் கரைத்தது ஒரு ஏக்கருக்குப் போதும். ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லி வருகிறது. 12 அங்குலத் தொட்டியின் வாய் ஒரு சதுர மீட்டரில் நூற்றுக்கு 7 பங்குதான். ஆக, உங்கள் தொட்டியின் நியாயமான பங்கு மூன்றரை மில்லி, ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு. அதுவும் வயலில் பாசனத் தண்ணீரோடு கலந்து போவது. நீங்கள் மக்கில் மொண்டு ஊற்றும்போது ஒரு தொட்டிக்குள் எத்தனை தொட்டிகளின் பங்கு போகிறது என்று கணக்குப் பார்க்காதீர்கள், மனசு கெட்டுவிடும். கொடுமுடி டாக்டர் நடராஜனால் பிரபலமான பஞ்சகவ்யத்துக்கும் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி என்று ஒரு அளவு உண்டு. அதையும் பாட்டிலோடு கவிழ்க்கலாம்.

சாணிக்கு வருவோம். சாணத்தையும் புண்ணாக்கையும் ஒரே அளவில் கரைப்பது மிக நல்ல தவறு. ஈரச் சாணத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்குகூட இருக்காது. புண்ணாக்கில் இருப்பது அதைப் போலப் பதினைந்து, இருபது மடங்கு. ஒரு கிலோ சாணத்தை 10 லிட்டரில் கரைத்து, ஓரிரு நாள் வைத்து வடிகட்டினால், அதுவே தொட்டிக்கு மிதமான கரைசல். புண்ணாக்கை அதே அளவில் போட்டால் மேலே சொன்ன குழம்புதான். சாணத்தில் வரும் தொல்லை சத்தால் வருவதில்லை, நாராலும் கிருமியாலும் வருவது. வடிகட்டாமல் ஊற்றினால் நார் மேல்மண்ணில் அப்பளமாகக் காய்ந்து காற்றை அடைத்துவிடும். அதனால் தயவுசெய்து வடிகட்டாதீர்கள். சாணிக் கரைசலைப் புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் தலையோடு ஊற்றி, மறுநாள் பறித்துப் பச்சையாகவே சட்னி அரைத்து விருந்தாளிக்குப் போட்டால் உங்கள் வீட்டு விருந்தை அவர்கள் மறக்கவே மாட்டார்கள். குடலில் வாழும் கிருமிகள் சாணத்திலிருந்து இலைக்கு வர ஒரு தெறிப்பு போதும். மாமி இந்த இரண்டு செடிக்கும் சாணிக் கரைசலே விடுவதில்லை, நன்றாக மக்கிய உரம் மட்டும்.

சாணம் கிடைக்காதவர்களுக்கு வறட்டி இருக்கிறது. அதை இணையத்தில் வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, சாணி என்று சொல்லிக்கொள்ளலாம். வெயிலில் காய்ந்தபோது தழைச்சத்தில் ஒரு பங்கு போயிருக்கும், ஆனால் படத்தில் நன்றாக இருக்கும்.

ஊற்றுவதற்கும் ஒரு முறை உண்டு. உச்சிவெயிலில், மண் காய்ந்து வெடித்திருக்கும்போது ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் வேர் இருக்கும் தண்ணீரை இழக்காமல் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உப்பு ஏறிய கரைசல் போய்ச் சேர்ந்தால், தண்ணீர் வேரிலிருந்து வெளியே இழுக்கப்படும். இலையிலும் தண்டிலும் படும்படி மேலிருந்து ஊற்றினால் வாடையும் பரவும், இலையும் கருகும். தொட்டிக்குக் கீழே தட்டு இருந்தால் வடிந்ததை அப்படியே நிற்க விடுங்கள். இரண்டு நாளில் அதிலிருந்து தனியாக ஒரு நாற்றம் கிளம்பும், டிரம்மின் நாற்றத்துக்குத் துணையாக. மாமி மாலையில் முதலில் வெறும் தண்ணீர் விட்டு மண்ணை நனைக்கிறார். பிறகு மேல் மண்ணைக் கிளறிவிட்டு, தொட்டி ஓரமாக வட்டம் போட்டுக் கரைசலை மெல்ல விடுகிறார். அதன்மேல் ஒரு விரல் கனத்துக்குக் காய்ந்த மண்ணோ தென்னைநார்த் தூளோ தூவிவிடுகிறார். மிச்சம் இருந்த வாடையை அந்தத் தூள் உறிஞ்சிவிடுகிறது. அரைமணி கழித்துத் தட்டில் வடிந்ததைக் கொட்டிவிடுகிறார். கீழ் வீட்டில் துணி காய்ந்துகொண்டேயிருக்கிறது, யாருக்கும் எதுவும் தெரிவதில்லை.

உங்கள் ரோஜா என்ன ஆகும் என்று சொல்கிறேன். இரண்டாம் நாள் ஒன்றும் தெரியாது. மூன்றாம், நான்காம் நாளில் இலை நுனியும் ஓரமும் பழுப்பாகிக் காய ஆரம்பிக்கும். மண் ஈரமாகவே இருக்கும், இலை மட்டும் துவண்டு தொங்கும். இது தண்ணீர்ப் பற்றாக்குறை என்று தீர்மானித்து இன்னும் தண்ணீர் விடுங்கள். பிறகு சத்துக் குறைபாடு என்று தீர்மானித்து இன்னொரு மக் குழம்பு விடுங்கள். அடி ஓட்டையில் விரலை விட்டுக் கொஞ்சம் மண்ணை எடுத்து முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை வரும், மண் கறுத்திருக்கும். வேருக்குக் காற்றே இல்லை, கரைசலைத் தின்னும் நுண்ணுயிர்களே இருந்த காற்றை எடுத்துக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். முகராதீர்கள்.

அளவு கொஞ்சம்தான் மீறியிருந்தால் செடி சாகாது. கருகருவென்று பெரிய இலைகளாக விட்டு, தளிர் நுனியெல்லாம் அசுவினி மொய்க்க, பூவே இல்லாமல் நிற்கும். கண்ணுக்குச் செழிப்பாக இருப்பதால் இதை உரத்தின் வெற்றி என்று படம் எடுத்து அனுப்பலாம்.

ஒருவேளை மனம் மாறி ரோஜாவைக் காப்பாற்ற நினைத்தால், மாமியைக் கூப்பிட வேண்டியதுதான். அவர் வந்து மேலே ஒட்டியிருக்கும் கசடையும் பிசுக்கையும் சுரண்டி எடுப்பார். தட்டை அகற்றுவார். தொட்டி பதினைந்து லிட்டர் மண் கொள்ளுமென்றால் முப்பது லிட்டராவது வெறும் தண்ணீரை, ஒரேயடியாக இல்லாமல், விட்டு விட்டு ஊற்றி அடி ஓட்டை வழியே வடியவிடுவார். வடிவது நிறம் மாறித் தெளியும்வரை. அடி ஓட்டை அடைத்திருந்தால் குச்சியால் குத்தித் திறப்பார், இல்லாவிட்டால் இந்த வைத்தியமே மூழ்கடிப்பாகிவிடும். பிறகு நிழலில் வைத்து, மேல் ஓரங்குல மண் காயும்வரை தண்ணீரே விடமாட்டார். கருகிய இலையை உடனே வெட்டமாட்டார். ஒரு மாதத்துக்கு எந்த உரமும் கிடையாது. வேர் பழுப்பாகிக் கையால் தொட்டாலே தோல் உரிந்தால் மட்டும், தொட்டியிலிருந்து எடுத்து, அழுகியதை வெட்டிவிட்டுப் புது மண்ணில் நடச் சொல்வார். அப்போதும் கால்வாசிதான் நம்பிக்கை என்றும் சொல்லிவிடுவார்.

இன்னும் ஒரு வேலை பாக்கி, டிரம்மின் அடியில் தங்கிய கசடு. சத்தெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று ஒரு கை ஒரு கையாக எல்லாத் தொட்டிகளின் மேலும் வையுங்கள். வெள்ளைப் பூசணம் ஒரு நாளில், புழு மூன்று நாளில், பெருச்சாளி அந்த வாரத்துக்குள். புண்ணாக்கு மாட்டுத் தீவனம் என்பது பெருச்சாளிக்கும் தெரியும். அது தொட்டியைக் கிளறிக் கசடை எடுத்துக்கொண்டு செடியை வெளியே போட்டுவிட்டுப் போகும். மாமி கசடைக் காய்ந்த இலையோடு கலந்து மக்கு உரக் கூடையின் நடுவில் புதைக்கிறார், மேலே இரண்டங்குலம் மண்.

பத்தாம் நாள் அசோசியேஷன் கூட்டம் போடுவார்கள். உங்களைப் பெயர் சொல்லாமல், "சிலர்" என்று பேசுவார்கள். மண்வாசனை தெரியாத நகரத்து ஜனங்கள் என்று நீங்கள் எழுந்து பேசலாம், தயங்க வேண்டாம். கடைசியில் பால்கனிகளில் சாணம், புண்ணாக்கு எதையும் ஊறவைக்கக்கூடாது என்று ஒரு தீர்மானம் வரும். அதில் முதல் கையெழுத்து மாமியுடையதாக இருக்கும். அவர் ஜாடி சமையலறை சிங்குக்குக் கீழே, வேட்டித் துணி கட்டி, இரண்டாம் நாளாக ஊறிக்கொண்டிருக்கும்.